மகனின் ஓட்ட நேரம் ஐந்து வாரமாகக் குறையவில்லை, வழி சொல்லுங்கள்

வணக்கம். மகன் உயர்நிலை இரண்டில் படிக்கிறான். பள்ளியின் நாப்ஃபா உடற்தகுதித் தேர்வின் 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்காகத் தினமும் மாலை விளையாட்டரங்கில் ஆறு சுற்று முழு வேகத்தில் ஓடிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் நேரத்தை வரைபடத் தாளில் புள்ளி வைக்கிறான். முதல் மூன்று வாரத்தில் 14:10இலிருந்து 12:50க்கு இறங்கியது. அப்புறம் புள்ளிகள் மேலும் கீழுமாக ஆட, ஒவ்வொரு நல்ல நாளையும் முன்னேற்றம் என்றே நினைத்தோம். போன ஞாயிறு அவனே வாரச் சராசரி போட்டுக் கோடு இழுத்தான், ஐந்து வாரமாக 12:48ஐ ஒட்டியே படுத்துக் கிடக்கிறது. பிள்ளை முகம் வாடிவிட்டது.

தினமும் ஒரே தூரம், ஒரே வேகம் என்பதால் உடல் பழகிவிட்டதா, இல்லை ஓய்வில்லாமல் களைத்துவிட்டதா? காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பை எண்ணச் சொல்லியிருக்கிறேன், வழக்கத்தைவிடக் கூடினால் களைப்பாக இருக்கலாம்.

இப்போது சுற்றுக்கு 2:08 ஆகிறது. வாரம் ஒருநாள் 2:00இல் ஒரு சுற்று, பிறகு இரண்டு நிமிட நடை என ஆறு முறை, இரண்டு நாள் ஓய்வு, மற்ற நாள்களில் பேசிக்கொண்டே ஓடும் மெதுவேகம் என்று மாற்றலாமா? 14 வயதுக்கு இது அதிகமா? எத்தனை வாரம் கழித்து மறுபடி முழு வேகத்தில் ஓடிப் பார்க்கலாம்? பிள்ளைகளுக்குப் பயிற்சி தந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.