புதுப்பிப்பு: என் எக்செல் தேர்ச்சி அந்த வேலைக்குப் போதுமா?

என் கேள்வி: "விண்ணப்பத்தில் 'எக்செலில் நல்ல தேர்ச்சி' என்று போட்டிருக்கிறேன். வேலை அறிவிப்பில் பிவட் டேபிள், லுக்கப், மாத அறிக்கை கேட்கிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருமா என்று எப்படிப் பார்ப்பது?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "தெரியாத தரவை எடுத்து, 45 நிமிடத்தில் ஓர் அறிக்கை செய்து பாருங்கள்" என்ற யோசனைதான் உதவியது. நண்பர் 600 வரி விற்பனைப் பட்டியலும் தனித்தாளில் பொருள் விலையும் தந்தார்.

லுக்கப்பிலேயே மாட்டிக்கொண்டேன். பாதி வரிகளில் #N/A. அந்த வரிகளில் பொருள் எண் விற்பனைப் பட்டியலில் எழுத்தாகவும் விலைத்தாளில் எண்ணாகவும் இருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். "XLOOKUP போட்டால் சரியாகும்" என்றார் ஒருவர். அதிலும் அதே #N/A. கடைசியில் சரியானது இது:

```
=VLOOKUP(VALUE(A2),Prices!A:B,2,FALSE)
```

எதிர்பாராதது அப்புறம்தான் வந்தது. அவசரத்தில் FALSE போடாமல் விட்ட சில வரிகளில் பிழையே காட்டவில்லை, தவறான விலை அமைதியாக உட்கார்ந்திருந்தது. மொத்தத்தைக் கையால் சரிபார்த்தபோதுதான் தெரிந்தது.

பிவட் சுலபமாக வந்தது. ஆனால் புதிதாக 40 வரி சேர்த்து Refresh அழுத்தியும் அவை வரவில்லை. மூலத்தை Ctrl+T கொடுத்து டேபிளாக்கி, பிவட்டை அதிலிருந்து மறுபடி போட்டதும் வந்தன.

மொத்தம் 70 நிமிடம் ஆனது. விண்ணப்பத்தில் 'நல்ல தேர்ச்சி'யை எடுத்துவிட்டு 'பிவட், VLOOKUP கொண்டு அறிக்கை தயாரிப்பேன்' என்று மாற்றினேன். மேக்ரோ சான்றிதழ் வாங்கச் சொன்னவருக்கு: அறிவிப்பில் மேக்ரோவே இல்லை. மாத அறிக்கை என்று எதைக் கேட்கிறார்கள் என்பது இன்னும் புரியவில்லை, நேர்காணலில்தான் கேட்க வேண்டும்.