கலைச்சொல் தேவை: தையல்கடையின் வாடிக்கையாளர் வீடுகளைச் சூழும் ‘கான்வெக்ஸ் ஹல்’

பிரபு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் ஒரு தையல்கடைக்காக ஆர்டர் எழுதும் செயலியைத் தமிழில் செய்துகொண்டிருக்கிறேன். வீட்டுக்கே போய்த் துணியும் அளவு ஜாக்கெட்டும் வாங்கிவந்து, தைத்துக் கொண்டுபோய்க் கொடுக்கிற கடை. வாடிக்கையாளர் வீடுகளை வரைபடத்தில் புள்ளிகளாக வைத்து, சுற்றி ஒரு கான்வெக்ஸ் ஹல் வரைந்து, கடை எதுவரை போய்வருகிறது என்று காட்ட வேண்டும். PostGIS தரவுத்தளத்தில் வரைவதற்கு ஒரு வரி போதும்:

```sql
SELECT ST_ConvexHull(ST_Collect(geom)) FROM customers;
```

பெயர்தான் அமையவில்லை. ‘குவியுறை’ என்று வைக்கலாமா?

மல்லிகா எழுதியது:

எங்கள் அப்பாவும் டெய்லர்தான், புரசைவாக்கத்தில் கடை. ‘குவியுறை’ என்றதும், ஆட்கள் எங்கே குவிந்திருக்கிறார்களோ அந்த இடத்தைக் காட்டப்போகிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். எங்களுக்கு அதுதான் வேண்டும். தீபாவளி நேரத்தில் எந்தத் தெருவிலிருந்து ஜாக்கெட் அதிகம் வருகிறது என்று தெரிந்தால் பையனை அந்தப் பக்கமே இரண்டு தடவை அனுப்பலாம். அதற்கு இது உதவுமா?

செந்தில் எழுதியது:

மல்லிகா, அது வேறு. இது எல்லாப் புள்ளிகளையும் உள்ளே வைத்துக்கொள்கிற, உள்பக்கம் பள்ளம் விழாத எல்லைக்கோடு, அவ்வளவுதான். அதனால் ‘குவிவரம்பு’ என்றால் போதும். வரம்பு எல்லோருக்கும் தெரிந்த சொல்.

இராமநாதன் எழுதியது:

செந்தில் சொல்வதில் பாதி சரி. பள்ளம் இல்லாமல் எல்லாப் புள்ளிகளையும் அடக்குவது என்று மட்டும் சொன்னால், சென்னையைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டாலும் அது பொருந்திவிடும். அப்படி அடக்குகிறவற்றிலேயே மிகச் சிறியது எதுவோ அதுதான் ஹல். தையல்கடை என்பதால் இப்படிச் சொல்கிறேன்: வரைபடத்தை அட்டையில் ஒட்டி, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குண்டூசி குத்தி, எல்லாவற்றையும் சுற்றி ஒரு எலாஸ்டிக் வளையத்தை இழுத்துவிடுங்கள். அது போய் நிற்கிற உருவம்தான் இது. வெளி ஓரத்துக் குண்டூசிகள் சிலவற்றில்தான் அது மாட்டிக்கொண்டு நிற்கும், மற்றவற்றைத் தொடவே தொடாது.

இன்னொன்று, ஹல் என்பது ஓரக்கோடு மட்டும் அல்ல, உள்ளே இருக்கும் பரப்பும் சேர்ந்ததுதான். பிரபு எழுதிய வரியும் உள் நிரம்பிய பலகோணத்தைத்தான் தரும். ஆகவே வரம்பு, வேலி எல்லாம் ஓரத்தை மட்டுமே சொல்லும். அதற்காகப் ‘பரப்பு’ என்று வைப்பதும் சிக்கல்தான். ஒரே வாடிக்கையாளர் இருந்தால் ஒரு புள்ளிதான் வரும், இரண்டு பேர் என்றால் ஒரு கோடு.

‘குவி’யை விடக் கூடாது என்பது என் கருத்து. குவிவில்லை, குவி ஆடி என்று பள்ளிக்கூடத்திலேயே படித்துவிட்டோம். மல்லிகாவுக்கு வந்த மயக்கம் குவியல் என்ற சொல்லால் வந்தது. அதைத் திரையில் பக்கத்திலேயே ஒரு வரி விளக்கம் போட்டுத் தீர்க்கலாம்.

பிரபு எழுதியது:

நன்றி ஐயா. மல்லிகா கேட்டதற்கு: உதவாது. அதற்கு ஒவ்வொரு தெருவிலும் எத்தனை ஆர்டர் என்று எண்ண வேண்டும். ஹல்லுக்குள் ஒரு தெருவில் நாற்பது வீடு இருந்தாலும் ஒரு வீடு இருந்தாலும் உருவம் மாறாது.

நான் போட்டுப் பார்த்த கணக்கையும் எழுதிவிடுகிறேன், பெயருக்கும் அது உதவும். கடையை (0, 0) என்று வைத்து, கிழக்கும் வடக்கும் கூட்டலாக, கிலோமீட்டரில் முழு எண்ணாக்கிக்கொண்டேன். மூலைகளாக வந்தவை திருவல்லிக்கேணி (1, 3), தி.நகர் (−4, 1), சைதாப்பேட்டை (−5, −1), திருவான்மியூர் (−1, −5), பெசன்ட் நகர் (0, −4). மந்தைவெளி வீடுகளெல்லாம் உள்ளே போய்விட்டன. பரப்பு 27 சதுர கிலோமீட்டர். கடைக்காரரிடம் காட்டினேன், ‘ஆமாம், இவ்வளவுதான் சுற்றுகிறோம்’ என்றார்.

அப்புறம் பழைய வாடிக்கையாளர் ஒருவர் தாம்பரத்துக்குக் குடிபோனார், (−16, −12). அந்த ஒரு புள்ளியைச் சேர்த்ததும் பரப்பு 76.5 ஆகிவிட்டது. மூலையாக இருந்த சைதாப்பேட்டை உள்ளே போய்விட்டது. ஒரு ஆர்டரும் வராத ஆதம்பாக்கமும் வேளச்சேரியும் கடையின் பகுதியாகிவிட்டன. கிண்டி தேசியப் பூங்காவும் உள்ளே வந்துவிட்டது. 2.7 சதுர கிலோமீட்டர் காடு அது, அங்கிருந்து யார் துணி கொடுக்கப்போகிறார்கள்?

கவிதா எழுதியது:

வரைபட வேலையில் தினமும் இதைப் பார்க்கிறேன். ஹல்லின் குணமே அதுதான்: எல்லாரையும் விட வெளியே நிற்கிறவர்தான் உருவத்தை முடிவு செய்வார். பட்டியலில் முகவரி தப்பாகப் பதிவானாலும் இதே கோலம்தான், படத்தில் ஒரு பக்கம் மட்டும் நீண்ட மூக்கு முளைக்கும். மூக்கைப் பார்த்தால் முதலில் அந்த மூலையின் முகவரியைச் சரிபாருங்கள். முகவரி சரிதான் என்றால், நடுவிலிருந்து மிகத் தொலைவில் இருக்கிற 5 சதவீதம் புள்ளிகளை விட்டுவிட்டு வரையலாம். காட்டு விலங்குகள் நடமாடும் இடத்தை அளக்கிறவர்கள் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் படத்தின் கீழே ‘95 சதவீதம்’ என்று கட்டாயம் எழுத வேண்டும். தாம்பரத்துக்காரர் தன் வீடு ஏன் இல்லை என்று கேட்பார் இல்லையா?

பரப்பு 27 என்று வராமல் 0.00225 என்று வந்தால் பயப்பட வேண்டாம், அது சதுர டிகிரி. அட்சரேகை தீர்க்கரேகையிலேயே அளந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். சென்னைக்குப் பொருந்தும், மீட்டரில் அளக்கிற 32644 என்ற ஆயத்தொலை அமைப்புக்கு மாற்றி அளந்தால் சதுர மீட்டரில் வரும், பத்து லட்சத்தால் வகுத்தால் சதுர கிலோமீட்டர்:

```sql
SELECT ST_Area(ST_ConvexHull(ST_Collect(
  ST_Transform(geom, 32644)))) / 1000000
FROM customers;
```

சொல்லுக்கு வருகிறேன். ‘உறை’யில் எனக்குத் தயக்கம் இருக்கிறது. `ST_Envelope` என்று இன்னொன்று உண்டு, புள்ளிகளை நேர்செவ்வகத்தில் அடைப்பது. உறை என்ற சொல்லை அதற்குத்தான் எல்லாரும் முதலில் எடுப்பார்கள். இரண்டும் ஒரே மெனுவில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் குழப்பம்தான். சூழ்தல் என்பதிலிருந்து ‘குவிசூழ்வு’ என்று வைத்தால் என்ன?

செந்தில் எழுதியது:

மிகச் சிறியது என்பதை நான் விட்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் குவிசூழ்வு வாயில் நுழையவில்லை. டெய்லரிடம் சொல்லிப் பாருங்கள்.

இராமநாதன் எழுதியது:

டெய்லர் அதைச் சொல்ல வேண்டியதே இல்லை, அவர் திரையில் ‘கடை போய்வரும் பகுதி’ என்று இருந்தால் போதும். கலைச்சொல் வேண்டியது ஆவணத்துக்கும் மெனுவுக்கும். கவிதா சொன்ன காரணம் வலுவானது. செவ்வகத்துக்கு ‘எல்லைச் செவ்வகம்’ என்று வைத்துவிட்டால் உறை நமக்கு மிஞ்சும். ஆனாலும் என் வாக்கு குவியுறைக்குத்தான். முப்பரிமாணத்துக்குப் போனாலும் அது பொருந்தும்.

கவிதா எழுதியது:

செவ்வகத்துக்கு அந்தப் பெயர் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் பிரபு தாம்பரத்தை விடாமல், வேளச்சேரியையும் பூங்காவையும் வெளியே தள்ளவேண்டும் என்றால் `ST_ConcaveHull` பக்கம் போவார். அதற்கு என்ன பெயர்? ‘குழியுறை’ என்றால் கட்டாயம் குழி இருக்க வேண்டும் என்று ஆகிவிடும். அங்கே நாம் கொடுக்கும் விகிதத்தை 1 என்று வைத்தால் பள்ளமே இல்லாமல் குவியுறைதான் திரும்ப வரும்.

பிரபு எழுதியது:

ஆவணத்தில் இப்போதைக்குக் குவியுறை, எல்லைச் செவ்வகம் இரண்டையும் போட்டுவிட்டேன். திரையில் ‘கடை போய்வரும் பகுதி’. மற்றதற்கு ‘ஒட்டுறை’ என்று யோசித்தேன், புள்ளிகளை ஒட்டி வருவதால். ஐயா, சரிவருமா?

மல்லிகா எழுதியது:

ஒட்டுறை என்றால் கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்ட உறை என்றுதான் எங்கள் கடையில் நினைப்பார்கள். வேறு பாருங்கள்.