ந்த – ன்ற குழப்பம், நாளைக்குச் சொல்வதெழுதுதல், உதவுங்கள்!

கொளத்தூர்_கவிதா: என் பெண் ந்த வரும் இடத்தில் ன்ற எழுதுகிறாள், ன்ற வரும் இடத்தில் ந்த எழுதுகிறாள். நாளைக்குச் சொல்வதெழுதுதல். எப்படி வேறுபடுத்துவது என்று ஈசியா ஒரு வழி சொல்லுங்கள் ப்ளீஸ். அவசரம்.

அடையாறு ஆலமரம்: எந்த வகுப்பு? எந்தச் சொற்களில் தப்பு வருகிறது? அவள் எழுதியதை அப்படியே போடுங்கள்.

ரவி_வண்ணாரப்பேட்டை: ரெண்டு சுழி, மூணு சுழி குழப்பம்தானே? என் பையனுக்கும் இருந்தது. தினமும் ஒரு பக்கம் ண, ன எழுத வைத்தேன், சரியாகிவிட்டது.

அடையாறு ஆலமரம்: அவங்க கேட்டது அது இல்லை ரவி.

தமிழ்வேள்: இதைக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டோம், சென்னையில் பிறந்து வளர்ந்தவர்கள்! எழுத்தின் பெயரிலேயே விடை இருக்கிறது. ந தந்நகரம், அதற்குத் துணை த. ன றன்னகரம், அதற்குத் துணை ற. ண டண்ணகரம், அதற்குத் துணை ட. தாய்மார்கள் பிள்ளைக்கு இதை முதலில் சொல்லிக்கொடுத்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கொளத்தூர்_கவிதா: மூன்றாம் வகுப்பு. அவள் எழுதியது: பந்ரி, கந்று, தோண்றியது, நிந்தான், சன்றன். சன்றன் என்பது சந்திரன்.

பிழைதிருத்தி (ஓய்வு): அம்மா, இந்த ஐந்தும் ஒரே தப்பு இல்லை. முதல் மூன்றுக்கு வேள் சார் சொன்னதே போதும். ஒரு சொல்லுக்குள் ந் வந்தால் அடுத்தது த வரிசைதான், ன் வந்தால் த வராது, ண் வந்தால் ற வராது. ஆகவே பந்ரி, கந்று, தோண்றியது எல்லாம் பார்த்த உடனே தப்பு என்று தெரிந்துவிடும், காதால் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. (அவன்தான், நான்தான் என்பதில் ன்த வருகிறதே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அங்கே இரண்டு சொல் ஒட்டியிருக்கின்றன.)

ஆனால் ‘நிந்தான்’ அப்படி இல்லை. ந் பக்கத்தில் த, பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. எழுத்தின் பெயரைச் சொல்லி இதைத் திருத்த முடியாது, ஏனென்றால் அது த-வா ற-வா என்று தெரிந்த பிறகு எந்த ந என்று மட்டுமே சொல்லும். இங்கே சந்தேகமே த-வா ற-வா என்பதில்தான்.

இதற்கு வீட்டுப் பேச்சையே கேளுங்கள். நாம் ‘நின்னான்’ என்கிறோம், ‘நிந்தான்’ என்று யாரும் சொல்வதில்லை. பேச்சில் ன்ன, ண்ண என்று மழுங்கிப் போனால் எழுத்தில் ன்ற: பன்னி – பன்றி, கன்னுக்குட்டி – கன்றுக்குட்டி, ஒண்ணு – ஒன்று, தின்னான் – தின்றான். ந்த அப்படி மழுங்காது. பந்து பந்துதான், சந்தை சந்தைதான், வந்தான் வந்தான்தான். மிஞ்சிப்போனால் ஞ்ச ஆகும்: அஞ்சு – ஐந்து, தெரிஞ்சுது – தெரிந்தது, முடிஞ்சுது – முடிந்தது. ஆக ஞ்ச கேட்டாலும் ந்த பக்கம் போகலாம்.

சுதா_மடிப்பாக்கம்: அப்போ ‘சொன்னான்’ = சொன்றான்? 😀

பிழைதிருத்தி (ஓய்வு): நல்ல கேள்விம்மா. இல்லை. ந்த-வா ன்ற-வா என்று ஏற்கெனவே தயங்கும் சொல்லுக்கு மட்டும்தான் இந்தச் சோதனை. சொன்னான், சின்ன, பின்னால் எல்லாம் எழுத்திலும் ன்ன-தான்.

ஜெயம்_வடபழனி: ஒரு சின்ன விஷயம். எங்கள் வீட்டுக்காரர் யாழ்ப்பாணம். அவர்கள் வீட்டில் ஒண்டு, மூண்டு, வந்தான் எண்டு சொன்னான், இப்படித்தான் பேச்சு. என் மகன் பள்ளியில் ‘மூண்டு’ என்றே எழுதிவிட்டு வந்தான். உங்கள் சோதனை எங்கள் வீட்டில் ஓடாது சார்.

பிழைதிருத்தி (ஓய்வு): சரிதான், அந்தப் பேச்சில் ன்ற, ண்ட பக்கம் சாய்கிறது. உங்களுக்கு வினையின் வேரைப் பார்ப்பதுதான் வழி. கட்டளையாகச் சொல்லிப் பாருங்கள்: நில், செல், வெல், கொல், முயல். கடைசியில் ல் இருந்தால் நின்றான், சென்றான், வென்றான், கொன்றான், முயன்றான். ன் இருந்தாலும் அப்படியே, தின் – தின்றான். ள் என்றால் ண்ட: கொள் – கொண்டான், உருள் – உருண்டது. நட, வா, சேர், வாழ் என்றால் நடந்தான், வந்தான், சேர்ந்தான், வாழ்ந்தான். கல், வில் போன்றவை கற்றான், விற்றான் என்று வேறு வழியில் போகும், ஆனால் ல் முடிவு ந்த-வுக்குப் போவதில்லை. ஒன்று, மூன்று போன்ற பெயர்களுக்கு இது உதவாது, அவற்றை மனப்பாடம்தான் செய்ய வேண்டும்.

ரவி_வண்ணாரப்பேட்டை: சார், எங்கள் ஏரியாவில் வாழ்க்கையே ‘வால்க்கை’தான். வால் – வான்றான் என்று எழுதிவிட மாட்டானா பையன்?

பிழைதிருத்தி (ஓய்வு): எழுதுவான். முதலில் ழ-வைத் திருத்துங்கள்.

தமிழ்வேள்: அடிப்படை உச்சரிப்பு. ன்ற-வை ‘ன்ட்ர’ என்று இழுப்பதால்தான் குழந்தைகள் கெடுகிறார்கள். நன்றியை ‘நன்ட்ரி’ என்று சொல்பவர்கள் தொலைக்காட்சியில் செய்தி வாசிக்கிறார்கள்!

அடையாறு ஆலமரம்: நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? ‘நன்ரி’ என்றா? அதுவும் சரியில்லையே. நாக்கு பல்லுக்கு மேல் ஈறில் பட வேண்டும், ட் மாதிரி ஒன்று லேசாக வரத்தான் செய்யும்.

தமிழ்வேள்: லேசாக வருவது வேறு, ‘ட்ர’ என்று டிரம் அடிப்பது வேறு.

ஜெயம்_வடபழனி: எங்கள் மாமியார் சொல்லிக் கேட்க வேண்டும் நீங்கள், ர வரவே வராது.

சுதா_மடிப்பாக்கம்: ‘கழண்டு விழுந்துச்சு’ என்கிறோமே, எழுத்தில் என்ன? பேச்சுச் சோதனைப்படி ண்ட.

பிழைதிருத்தி (ஓய்வு): பேச்சு ஏமாற்றும் இடம் அது. வேர் கழல், ஆகவே கழன்றது. சுழல் – சுழன்றது மாதிரி.

தமிழ்வேள்: வழக்கில் கழண்டது என்றே ஊன்றிவிட்டது, அச்சிலும் பார்க்கிறோம். நீங்கள் மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

பிழைதிருத்தி (ஓய்வு): உச்சரிப்பில் அவ்வளவு கறார், இதில் தாராளமா?

அடையாறு ஆலமரம்: கவிதா, ‘சன்றன்’ இன்னும் பாக்கி இருக்கிறது. வீட்டில் யார் சொல்லி எழுத வைக்கிறீர்கள்? எதைப் பார்த்து?

கொளத்தூர்_கவிதா: நான்தான். எனக்குத் தமிழ் வேகமாக வாசிக்க வராது, பள்ளியில் ஹிந்தி எடுத்தேன். அதனால் பட்டியலை ஆங்கில எழுத்தில் டைப் பண்ணி வைத்திருக்கிறேன். pandri, kandru, Chandran, mandram...

அடையாறு ஆலமரம்: அங்கேதான் சிக்கல். ndr என்ற மூன்று எழுத்துக்குள் இரண்டு வேறு தமிழ் ஒலிகள் ஒளிந்திருக்கின்றன. pandri-யில் அது ன்ற். Chandran-இல் அது ந்திர், நடுவில் இருந்த இ காணாமல் போய்விட்டது. நீங்கள் பார்த்து வாசிக்கும்போது இரண்டையும் ஒரே மாதிரி வாசிக்கிறீர்கள், குழந்தை கேட்டதை ஒழுங்காக எழுதுகிறாள். கை தட்டிச் சொல்லிப் பாருங்கள்: பன்-றி இரண்டு தட்டு, சந்-தி-ரன் மூன்று தட்டு. மன்-றம் இரண்டு, மந்-தி-ரம் மூன்று. பட்டியலிலும் Chandhiran, mandhiram என்று i போட்டு மாற்றிவிடுங்கள். வந்தானுக்கு vandaan என்று போட்டிருந்தால் அதையும் vandhaan ஆக்குங்கள், இல்லாவிட்டால் அடுத்து வண்டான் வரும்.

பிழைதிருத்தி (ஓய்வு): பட்டியலையே தமிழில் வாசிக்கப் பழகலாமே அம்மா, பிள்ளையோடு சேர்ந்து.

ரவி_வண்ணாரப்பேட்டை: எங்க வீட்டுக் கல்யாண போர்டில் ‘பந்தி மாடியில்’ என்று எழுதச் சொன்னால் ‘பன்றி மாடியில்’ என்று அடித்துக் கொடுத்தான் கடைக்காரன். மச்சான் இன்னும் எங்களோடு பேசவில்லை.

தமிழ்வேள்: கழன்றது பற்றி நான் சொன்னதற்கு இன்னும் பதில் வரவில்லை.

கொளத்தூர்_கவிதா: பட்டியலை மாற்றிவிட்டேன். கை தட்டுவது பிடித்திருக்கிறது அவளுக்கு. சந்திரன் சரியா எழுதிட்டா, முயன்றான் மட்டும் இன்னும் முயந்தான். தூங்கப் போய்ட்டா. நன்றி எல்லாருக்கும்.