sin 3x = cos 2x: ஒரே விடை இரண்டு முறை வருவது ஏன்?

தக்கலை, பதினொன்றாம் வகுப்பு மாணவி

sin 3x = cos 2x என்ற சமன்பாட்டின் பொதுத் தீர்வைக் காணும்போது cos 2x என்பதை sin(π/2 − 2x) என மாற்றி, சைனுக்குரிய சூத்திரத்தைப் பயன்படுத்தினேன்.

3x = nπ + (−1)ⁿ(π/2 − 2x)

x-ஐ ஒரு பக்கம் கொண்டுவந்தபோது பகுதியில் 3 + 2(−1)ⁿ நின்றது. அதை அப்படியே வைத்துக்கொண்டு n = 0, 1, 2, 3, 4 எனப் பிரதியிட்டால் 18°, 90°, 90°, 450°, 162° என்று வரிசையில்லாமல் வருகின்றன; 90° இருமுறை வருகிறது. விடைப்பகுதியிலோ x = (4n + 1)π/10 என்ற ஒரே வரிதான் உள்ளது. நான் எந்தப் படியில் தவறினேன் என்று யாராவது கூற முடியுமா?

கருங்கல், மாணவி ஒருவரின் தந்தை

இதில் குழம்புவதற்கு ஒன்றுமில்லை, மகளே. சைனும் கொசைனும் சமம் என்றால் கோணங்களின் கூடுதல் 90°. ஆகவே 5x = 90°, x = 18°. sin 18°-இன் மதிப்பைக் காண எங்கள் காலத்தில் இந்தக் கணக்கைத்தான் போட்டோம்.

நாகர்கோவில், பொறியியல் மாணவர்

ஐயா கூறுவது குறுங்கோணத்துக்கு மட்டுமே பொருந்தும். கேள்வி பொதுத் தீர்வைப் பற்றியது. தங்கையே, இத்தகைய கணக்குகளில் சைன் பக்கமே போகாமல் எல்லாவற்றையும் கொசைனாக மாற்றிவிடுங்கள். 2x = 2nπ ± (π/2 − 3x) என எழுதி, கூட்டல் குறியை எடுத்தால் (4n + 1)π/10 உடனே கிடைக்கும்; இரட்டிப்பும் வராது.

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

கொசைனாக மாற்றலாம் என்பது சரி. ஆனால் இரட்டிப்பு வராது என்பது சரியன்று. கழித்தல் குறியை எடுத்துப் பாருங்கள், தம்பி: x = π/2 − 2nπ. அதே 90° அங்கேயும் நிற்கிறது. கூட்டல் குறியோடு நிறுத்திக்கொண்டதால்தான் அது உங்கள் கண்ணில் படவில்லை.

மாணவியின் படிகளில் தவறே இல்லை. (−1)ⁿ-ஐப் பகுதியில் சுமந்துகொண்டு போனதால் இரண்டு வேறு வரிசைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன, அவ்வளவுதான். x இருபுறமும் இருக்கும் கணக்கில் n இரட்டையா, ஒற்றையா என்று முதலிலேயே பிரித்துவிடுவது நல்லது. n = 2k எனில் 5x = 2kπ + π/2 ஆகி, x = (4k + 1)π/10 கிடைக்கும். n = 2k + 1 எனில் x = 2kπ + π/2.

இனி இரண்டாம் வரிசையை (20k + 5)π/10 என எழுதிப் பாருங்கள். 20k + 5 என்பது 4(5k + 1) + 1 ஆகும். அதாவது இரண்டாம் வரிசையின் ஒவ்வோர் உறுப்பும் முதல் வரிசையில் ஏற்கெனவே இருக்கிறது. அதனால்தான் விடைப்பகுதியில் ஒரு வரி போதுமானதாயிற்று. 0° முதல் 360° வரை 18°, 90°, 162°, 234°, 306° என ஐந்து விடைகளே உள்ளன. 162°-ஐச் சோதித்தால் sin 486° = sin 126°, cos 324° = cos 36°; இரண்டும் ஏறத்தாழ 0.809.

குலசேகரம், டிப்ளமோ மாணவர்

எனக்கும் இதுபோல ஒரு சிக்கல் உண்டு, சார். sin 2x = −sin x என்பதில் எனக்கு 0°, 120°, 240° மட்டுமே வந்தன. விடையில் 180°-உம் இருக்கிறது. எனக்கு இரட்டிப்பாவதற்குப் பதிலாக ஒன்று குறைகிறதே?

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

−sin x-ஐ sin(−x) என்று எழுதியிருப்பீர்கள், அது சரி. பிறகு 2x = 2kπ − x என்பதோடு நின்றிருக்கிறீர்கள். n ஒற்றையாகும்போது 2x = (2k + 1)π + x, அதாவது x = (2k + 1)π. இந்த வரிசை 2kπ/3 என்ற முதல் வரிசைக்குள் அடங்காது, ஏனெனில் 2k என்பது ஓர் ஒற்றை எண்ணின் மூன்று மடங்காக இருக்க முடியாது. ஒரு வரிசை மற்றொன்றில் அடங்குவது கணக்குக்குக் கணக்கு மாறும் என்பதால், இரண்டையும் எழுதிப் பார்க்காமல் ஒன்றை விடக்கூடாது.

தக்கலை மாணவி

மிக்க நன்றி, சார். 90° மட்டும் ஏன் இரண்டு வரிசையிலும் வருகிறது? மற்ற நான்கு ஏன் வரவில்லை?

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

வரைபடம் போட்டால் தெரியும். 90°-இல் sin 3x, cos 2x இரண்டும் −1 என்ற அடிமட்டத்தில் இருக்கின்றன. ஆகவே வளைவரைகள் அங்கே தொட்டுவிட்டுத் திரும்புகின்றன. மற்ற நான்கு இடங்களிலும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன.

நாகர்கோவில், பொறியியல் மாணவர்

தேர்வில் இரண்டு வரிசைகளையும் எழுதி வைத்தால் மதிப்பெண் குறைப்பார்களா?

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்

தீர்வுகளின் கணம் மாறவில்லை என்பதால் நான் குறைக்கமாட்டேன். வேறு ஆசிரியர்கள் ஒரே வரியாகச் சுருக்கச் சொல்லக்கூடும்.