ஓடு சிவந்துவிட்டால் நண்டு வெந்துவிட்டதா?

முதுநகர்வாசி
பரங்கிப்பேட்டையிலிருந்து உயிரோடு இரண்டு கழி நண்டு வந்தது. ஒன்று 850 கிராம், இன்னொன்று 550. அரை மணி நேரம் ஐஸில் வைத்துவிட்டு இட்லிப் பானையில் 12 நிமிடம் ஆவியில் வேகவைத்தேன். இரண்டுமே நல்ல சிவப்பு. சின்னது பரவாயில்லை, பெரியதைப் பிளந்தால் உடம்புச் சதை சாம்பல் நிறத்தில் வழவழவென்று ஓட்டை விட்டு வரவே இல்லை. எடைக்கு எத்தனை நிமிடம்? வெந்ததை எப்படித் தெரிந்துகொள்வது?

கடற்கரைச்சாலை
12 நிமிடமே அதிகம் தம்பி. எங்கள் வீட்டில் குபேர் அங்காடியில் வாங்கிவந்து கொதிக்கிற தண்ணீரில் போட்டால் 8 நிமிடம், சிவந்ததும் இறக்கிவிடுவோம், ஒரு நாளும் வேகாமல் இருந்ததில்லை. நண்டை ரொம்ப நேரம் வைத்தால் சதை நாராகிப் போய்விடும், இனிப்பும் போய்விடும். உங்களுக்கு வந்த நண்டுதான் சரியில்லை என்று நினைக்கிறேன்.

கிள்ளைக்காரன்
கடற்கரைச்சாலை அண்ணா, நீங்கள் வாங்குவது நீல நண்டாக இருக்கும், ஒன்று 150, 200 கிராம் வருமா? அதற்கு 8 நிமிடம் சரி. கழி நண்டு அப்படி இல்லை, ஓடு தடிமன், கொடுக்கும் உடம்பும் கெட்டிச் சதை, சூடு நடுவுக்குப் போய்ச் சேர நேரம் பிடிக்கும்.

சிவப்பை வைத்து முடிவு செய்யவே கூடாது. அந்தச் சிவப்பு நிறமி உயிரோடு இருக்கும்போதே ஓட்டில் இருக்கிறது. ஒரு புரதம் அதைப் பிடித்து வைத்திருப்பதால்தான் நண்டு பச்சையாக, கருநீலமாகத் தெரிகிறது. சூடு பட்டதும் அந்தப் புரதம் சிதைந்து நிறம் வெளியே வந்துவிடும். ஆவி முதலில் தொடுவது ஓட்டைத்தானே, அதனால் சில நிமிடத்திலேயே சிவந்துவிடும், அப்போது உள்ளே பாதிகூட வெந்திருக்காது. முதுநகர்வாசிக்கு நடந்தது இதுதான், நண்டு மேல் குற்றம் இல்லை.

கடற்கரைச்சாலை
நீல நண்டுதான், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் எடைக் கணக்குப்படி 1.4 கிலோவுக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வைக்கச் சொல்கிறீர்களா? சின்னது வீணாகிவிடுமே.

கிள்ளைக்காரன்
மொத்த எடையை எடுக்கக் கூடாது அண்ணா. ஒரு நண்டின் எடைதான் கணக்கு, பானையில் ஒன்று இருந்தாலும் நான்கு இருந்தாலும். மொத்த எடை கூடினால் தண்ணீர் மறுபடி கொதிக்கத் தாமதமாகும், அவ்வளவுதான். அதனால் நண்டைப் போட்ட நிமிடத்திலிருந்து எண்ணாமல், தண்ணீர் மறுபடி தளதளவென்று கொதித்த பிறகு எண்ண வேண்டும். ஆவி என்றால் மூடியின் ஓரத்தில் ஆவி பலமாக வந்த பிறகு.

நான் வைத்திருக்கிற கணக்கு: கொதிக்கிற உப்புத் தண்ணீரில் அரைக் கிலோ கழி நண்டுக்கு 12 நிமிடம், அதற்கு மேல் ஒவ்வொரு 100 கிராமுக்கும் ஒன்றரை நிமிடம் போலக் கூட்டிக்கொள்வேன். ஒரு கிலோ வந்தால் 20 நிமிடம் வரை. ஆவியில் இன்னும் 3, 4 நிமிடம். இப்போது இவருடைய நண்டுகளைப் பாருங்கள். 550க்குத் தண்ணீரில் 13 நிமிடம், ஆவியில் 16, 17. 850க்குத் தண்ணீரில் 17, 18, ஆவியில் 21, 22. இவர் வைத்தது 12 நிமிடம், அதுவும் ஐஸிலிருந்து எடுத்த நண்டு. சில்லென்று இருக்கிற உடம்பைச் சூடாக்கவே முதல் சில நிமிடம் போய்விடும். சின்னது தப்பித்தது, பெரியது மாட்டிக்கொண்டது. பெரியதை முதலில் வைத்து, 5 நிமிடம் கழித்துச் சின்னதைப் போட்டால் இரண்டும் ஒன்றாக வெந்துவிடும், மூடியைத் திறந்த பிறகு ஆவி மறுபடி பலமாக வரும் வரைக்கும் அந்த நேரத்தைச் சேர்க்க வேண்டாம்.

ஐஸில் வைத்தது மட்டும் மிகச் சரி, அதை விட்டுவிடாதீர்கள். துடிக்கிற நண்டை அப்படியே கொதிநீரில் போட்டால் காலையும் கொடுக்கையும் தானே உதிர்த்துவிடும், அந்தத் துளை வழியாகத் தண்ணீர் புகுந்து சதை சப்பென்று போகும். வேதனையும் அதற்குத்தானே. ஐஸில் அசைவு முழுக்க நின்ற பிறகு போடுங்கள்.

அமுதா_நெய்வேலி
எங்கள் பக்கம் வயல் நண்டு கிடைக்கும், அம்மாச்சி இடித்து ரசம் வைப்பார்கள். அதற்கும் 12 நிமிடம்தானா? ஒன்று 40 கிராம்கூட இருக்காது.

கிள்ளைக்காரன்
அக்கா, இது கடல், கழி நண்டுக்கான கணக்கு, வயல் நண்டுக்கு எடை பார்த்து நேரத்தைக் குறைக்கவே குறைக்காதீர்கள். நன்னீர் நண்டில் நுரையீரலைத் தாக்கும் புழு இருக்கலாம், வேகாத நண்டிலிருந்துதான் அது மனிதருக்கு வரும். இடித்த சாறு நன்றாகக் கொதித்தே ஆக வேண்டும். நுரை கூடியதும் இறக்குகிற பழக்கம் இருந்தால் அதை மட்டும் மாற்றுங்கள். இடித்த அம்மிக்கல், பாத்திரம், கையைக் கழுவிய பிறகு மற்ற வேலை பாருங்கள்.

முதுநகர்வாசி
நேரம் புரிந்தது அண்ணா. ஆனால் பிளக்காமல் வெந்ததை எப்படிப் பார்ப்பது?

கிள்ளைக்காரன்
முழுதாகப் பிளக்க வேண்டாம். பின்னால் துடுப்பு மாதிரி ஒரு கால் இருக்கும், அதை உடம்போடு சேருகிற இடத்தில் பிடித்து மெதுவாக முறுக்கி இழுங்கள். அங்கேதான் உடம்புச் சதையின் தடிமனான துண்டு இருக்கிறது. வெந்திருந்தால் வெள்ளை வெளேரென்று, இழை இழையாக, ஓட்டை விட்டுச் சுத்தமாகக் காலோடு வரும். வேகவில்லை என்றால் நடுவில் ஒளி ஊடுருவுகிற சாம்பல் நிறம், வழவழப்பு, பாதி ஓட்டிலேயே நின்றுவிடும். மேலோட்டைத் திறந்தால் உள்ளே இருக்கிற மஞ்சள் நிறப் பசை கெட்டியாகி இருக்க வேண்டும், நீராக ஓடினால் இன்னும் வைக்க வேண்டும். பெட்டை நண்டின் சினையும் உள்வரை கெட்டியாக ஒரே நிறத்தில் இருக்கும்.

வேகவில்லை என்று தெரிந்தால் அந்தச் சூட்டிலேயே உடனே மறுபடி ஆவியில் வையுங்கள், பெரியதுக்கு 8 நிமிடம் போதும். ஆற வைத்துவிட்டு மறுநாள் வேகவைக்கிற வேலை வேண்டாம்.

பெரியகடை_மாமி
இன்னொன்று சொல்ல மறந்துவிட்டீர்கள். ஓடு கழற்றிப் புதிதாய் ஓடு வந்த தண்ணி நண்டாக இருந்தால் எத்தனை நிமிடம் வைத்தாலும் சதை நீராகத்தான் இருக்கும், வேகவில்லை என்று நினைத்து வைத்துக்கொண்டே போவார்கள். வாங்கும்போதே கையில் தூக்கிப் பாருங்கள். அளவுக்கு ஏற்ற கனம் இல்லாமல், அடிப்பக்கம் அழுத்தினால் அமுங்கினால் அந்த நண்டு வேண்டாம். செத்த நண்டும் வேண்டாம், எவ்வளவு விலை குறைத்தாலும்.

கிள்ளைக்காரன்
சரிதான் மாமி, அமுக்கிப் பார்ப்பதுதான் வழி.

கடற்கரைச்சாலை
அப்படியென்றால் தெர்மாமீட்டர் வைத்தே பார்த்துவிடலாமே? 63 டிகிரி வந்தால் போதும் என்று படித்திருக்கிறேன்.

கிள்ளைக்காரன்
63 என்பது அடிப்படை அளவு, அது சரிதான். ஆனால் ஊசியைக் கொடுக்கில் குத்திப் பார்க்கிறார்கள், உடம்பின் நடு கடைசியில்தான் சூடாகும். அந்தப் பின்கால் மூட்டு வழியாகக் குத்துங்கள். நான் 75 தாண்டிய பிறகுதான் இறக்குவேன், கழி நண்டுச் சதை அதில்தான் ஓட்டை விட்டு நன்றாகக் கழலும்.

கடற்கரைச்சாலை
75 என்றால் எனக்கு நாராகத்தான் இருக்கும். 65க்குள் இறக்கி, ஐஸ் தண்ணீரில் ஒரு முக்கு. சதை சுருங்கி ஓட்டை விட்டு வந்துவிடுமே.

கிள்ளைக்காரன்
ஐஸ் தண்ணீரில் முக்கினால் உப்பும் ருசியும் இறங்கிவிடும் அண்ணா, அதில் மட்டும் உங்களோடு உடன்பட முடியாது. தட்டில் தலைகீழாக வைத்து 5 நிமிடம் ஆற விட்டால் போதும், சாறும் உள்ளேயே நிற்கும்.

முதுநகர்வாசி
ஞாயிற்றுக்கிழமை 700 கிராமில் இரண்டு சொல்லி வைத்திருக்கிறேன். ஆவியில் 19 நிமிடம் வைத்துவிட்டு, ஒன்றை ஐஸ் தண்ணீரில், ஒன்றைத் தட்டில் வைத்துப் பார்த்துச் சொல்கிறேன்.