ஞாயிறுதோறும் கணக்குக் காட்டினேன், தேர்வில் 20க்கு 4

தாமரை:
நிகழ்தகவும் புள்ளியியலும் ஆசிரியர் இல்லாமல் நானாகப் படிக்கிறேன். 12 வாரத் திட்டம். ஒவ்வொரு ஞாயிறு மாலையும் தோழியிடம் தொலைபேசியில் அந்த வாரம் படித்ததைச் சொல்கிறேன். அவள் தன் மொழிப் படிப்பைச் சொல்கிறாள். ஐந்து வாரமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை. "இந்தப் பாடம் முடிந்தது" என்றுதான் ஒவ்வொரு முறையும் சொன்னேன். நேற்று, முடித்த பாடங்களிலிருந்து மட்டும் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். 20க்கு 4. நான் பொய் சொல்லவில்லை. ஓட்டை எங்கே இருக்கிறது? தோழியை மாற்ற வேண்டுமா, இந்த ஏற்பாட்டையே விட்டுவிட வேண்டுமா?

ஒற்றைப்பனை:
விட்டுவிடுங்கள். இன்னொருவரிடம் சொல்லவேண்டும் என்று வந்தவுடனே மனம் படிப்பை விட்டுவிட்டுச் சொல்வதற்கு ஏற்ற செய்தியைத் தேட ஆரம்பித்துவிடும். இது என் கற்பனை அல்ல. கோல்விட்சர் என்ற உளவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. சட்டம் படிக்கும் மாணவர்களில், தங்கள் எண்ணம் பிறர் கவனத்துக்கு வந்தவர்கள்தான் குறைவாக உழைத்தார்கள். சொன்னவுடனே பாதி செய்துவிட்ட நிறைவு வந்துவிடுகிறது. இலக்கை வாய்க்குள் வைத்துக்கொண்டு படியுங்கள்.

நள்ளிரவு விளக்கு:
எனக்கும் இதே சிக்கல்தான், தோழி. காலையில் எழவே முடியாது. நண்பனும் நானும் ஐந்து மணிக்கு ஒருவரை ஒருவர் அழைத்து எழுப்புவதாக ஒப்பந்தம் செய்தோம். எழாதவர் மற்றவருக்குப் பணம் கட்டவேண்டும். முதல் இரண்டு வாரம் பிரமாதமாக ஓடியது. பிறகு இருவரும் ஒரே நாளில் தூங்கினோம், "இன்று கணக்கில் சேராது" என்று பேசி முடித்துக்கொண்டோம். அதற்கப்புறம் யாரும் யாருக்கும் எதுவும் கட்டவில்லை. தொகையைப் பெரிதாக வைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

கரும்பலகை:
நள்ளிரவு விளக்கு, தாமரை எழாமல் இருக்கவில்லை. ஐந்து வாரமும் உட்கார்ந்து படித்திருக்கிறார். அவருடைய சிக்கல் வேறு. ஆனால் உங்கள் கதையில் ஒரு முத்து இருக்கிறது: விதியைத் தளர்த்தும் அதிகாரம், தளர்வால் லாபம் அடையும் அதே இருவரிடம் இருந்தது. தொகையைப் பெருக்கியிருந்தால் இன்னும் சீக்கிரம் சமாதானம் பேசியிருப்பீர்கள்.

ஒற்றைப்பனை, அந்த ஆய்வில் பாதியைத்தான் சொன்னீர்கள். அந்த மாணவர்கள் சொன்னது "நான் சிறந்த சட்ட வல்லுநர் ஆக உழைப்பேன்" என்ற வகை எண்ணம், அதாவது தாங்கள் யார் என்ற அடையாளம். செய்து முடித்ததைக் காட்டுவது வேறு சமாச்சாரம். முன்னேற்றத்தைக் கண்காணிப்பது பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2016இல் வந்தது. எழுத்தில் பதிந்தபோதும் பிறருக்குத் தெரியும்படி வைத்தபோதும் பலன் கூடியது என்றுதான் அதில் இருக்கிறது. ஆகவே வாயை மூடவேண்டியது திட்டத்தைப் பற்றி. முடித்ததைப் பற்றி அல்ல.

இப்போது தாமரைக்கு. உங்கள் ஏற்பாட்டில் ஓட்டை "முடிந்தது" என்ற ஒரே சொல்லில் இருக்கிறது. நீங்கள் பொய் சொல்லவில்லை, உங்களையே நம்பினீர்கள். புத்தகத்தில் தீர்த்துக் காட்டிய கணக்கை வரி வரியாகப் படிக்கும்போது எல்லாம் விளங்கும். அடுத்த வரியைப் பார்த்தால் "ஆமாம், இதுதானே" என்று தோன்றும். வெற்றுத்தாளில் அந்த அடுத்த வரியை யார் எழுதித் தருவார்கள்? தோழி கேட்டது நீங்கள் என்ன உணர்ந்தீர்கள் என்பதை மட்டும். அதைச் சரிபார்க்க அவரிடம் வழியே இல்லை.

நான் இருவர் இருவராகப் பல பேரை உட்காரவைத்திருக்கிறேன். நீடித்தது இந்த முறைதான். ஞாயிறு அழைப்பில் "என்ன படித்தாய்" என்ற கேள்வியே வேண்டாம். தோழி ஒரு பகடையை உருட்டி, பாடத்தின் முடிவில் உள்ள பயிற்சியிலிருந்து மூன்று கணக்குகளின் எண்களைத் தேர்ந்தெடுக்கட்டும். நீங்கள் புத்தகத்தை மூடிவிட்டு 25 நிமிடத்தில் வெற்றுத்தாளில் போடுங்கள். தாளைப் படமெடுத்து அனுப்புங்கள். அவர் விடைப் பக்கத்தைப் பார்த்துச் சரி, தவறு என்று குறித்தால் போதும். அவருக்குப் புள்ளியியல் தெரிய வேண்டியதில்லை. தெரியாமல் இருப்பது நல்லது என்றுகூடச் சொல்வேன். தெரிந்தவர் பாதியிலேயே கைகொடுத்துவிடுவார்.

ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கணக்கு இந்த வாரப் பாடத்திலிருந்து வரக்கூடாது, போன வாரப் பாடத்திலிருந்து வரவேண்டும். ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் செய்த பரிசோதனையில், படித்து ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, நடுவில் தங்களையே சோதித்துக்கொண்டவர்கள் முந்திவிட்டார்கள். அன்றைக்கே கேட்டால் எல்லோரும் கெட்டிக்காரர்கள்.

மணிக்கட்டு:
நான் மறுபக்கம் உட்கார்ந்தவன். ஒன்றரை வருடம் ஒருவருக்குத் துணையாக இருந்தேன். கரும்பலகை ஐயா சொல்லும் முறை சரியானது, ஆனால் அதற்குக் கொடுக்கும் விலையை அவர் சொல்லவில்லை. தவறு என்று நான் குறித்த மூன்றாவது ஞாயிறு அவர் குரல் மாறிவிட்டது. அடுத்த வாரம் "உடம்பு சரியில்லை". அதற்கடுத்த வாரம் "விருந்தாளி". பிறகு நாங்கள் படிப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை. நட்பு மட்டும் பிழைத்தது, அதுவும் நொண்டி நொண்டித்தான். தோழியைத் தேர்வு அதிகாரியாக ஆக்கினால் தோழி போய்விடுவாள்.

ஒற்றைப்பனை:
இதைத்தான் நானும் சொல்கிறேன். பகடையும் விடைப் பக்கமும் போதும் என்றால் அதற்கு இரண்டாவது ஆள் எதற்கு? நானே உருட்டிக்கொள்கிறேன், நானே திருத்திக்கொள்கிறேன்.

கரும்பலகை:
தாராளமாகச் செய்யுங்கள். நான்காவது ஞாயிறு, கடினமான எண் விழுந்ததும் "இது பாடத்தில் சரியாக விளக்கப்படவில்லை" என்று இன்னொரு முறை உருட்டாமல் இருந்தால் உங்களுக்குத் துணை தேவையில்லை. எனக்கு அந்த நேர்மை இருந்ததில்லை.

மணிக்கட்டு சொல்வது உண்மை. நான் அதை மழுப்பவில்லை. இரண்டு விஷயம் உதவும். சோதனை இருபக்கமும் நடக்கவேண்டும்: தாமரையின் தோழியும் தன் மொழியில், போன வாரச் சொற்களை வைத்துப் பத்து வாக்கியம் பார்க்காமல் எழுதிக் காட்டட்டும். தாமரை அகராதியை வைத்துத் திருத்தட்டும். இரண்டாவது, ஆறு வாரத்துக்கு மட்டும் ஒப்பந்தம் போடுங்கள். ஆறாம் வாரம் இருவரில் யாரும் காரணம் சொல்லாமல் விலகலாம். நீங்கள் ஒன்றரை வருடம் என்றீர்களே, அங்கே விலகும் கதவு இல்லாததால்தான் விருந்தாளி வந்தார் என்று நினைக்கிறேன்.

மணிக்கட்டு:
இருக்கலாம். அவருக்கு உண்மையிலேயே விருந்தாளி வந்திருக்கவும் கூடும். எனக்கு இன்றுவரை தெரியாது.

தாமரை:
இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தோழி ஒத்துக்கொண்டாள். முதல் ஞாயிறு, ஏழு நாள் பழைய பாடமான நிபந்தனை நிகழ்தகவிலிருந்து மூன்று கணக்கு விழுந்தது. ஒன்று சரி. தவறிய இரண்டில் ஒன்று என் முகத்தில் அறைந்தது. இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை 8 என்று தெரிந்திருக்கிறது. அவற்றில் ஒன்றாவது ஆறாக இருக்க வாய்ப்பு என்ன? நான் 11/36 என்று எழுதினேன். விடை 2/5. எட்டு வரும் ஜோடிகள் ஐந்து, அவற்றில் ஆறு இருப்பவை இரண்டு, அவ்வளவுதான். "என்று தெரிந்திருக்கிறது" என்ற இரண்டு சொல்லை நான் படிக்கவே இல்லை. அந்தப் பாடம் முழுவதும் அந்த இரண்டு சொல்லைப் பற்றியதுதான். அதற்கு முந்தைய ஞாயிறுதான் அதை "முடிந்தது" என்றேன்.

இன்னொரு கேள்வியும் வந்துவிட்டது. படித்த மணிகளையும் இப்போது எழுதி வைக்கிறோம். வாரம் 10 மணி என்று திட்டம். நடந்தது 6, பிறகு 7. என் திட்டமே பொய் என்று தோன்றுகிறது.

கரும்பலகை:
பொய் என்று சொல்லாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான். பியூலர், கிரிஃபின், ராஸ் ஆகிய மூவர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வேடு எழுதும் மாணவர்கள் சராசரியாக 33.9 நாளில் முடிப்போம் என்று கணித்தார்கள். ஆனது 55.5 நாள். அவர்களும் தங்கள் பழைய அனுபவத்தைப் பார்க்காமல்தான் கணித்தார்கள்.

உங்களிடம் இப்போது அனுபவம் எண்ணாக இருக்கிறது. 20 மணித் திட்டத்தில் 13 நடந்தது, அதாவது 0.65. 12இல் ஏழு வாரம் போய்விட்டது, மீதி ஐந்து. ஐந்தை 0.65ஆல் வகுத்தால் ஏறக்குறைய ஏழே முக்கால். எட்டு வாரம் என்று எழுதுங்கள். இரண்டு வாரக் கணக்கை நம்பி இவ்வளவு சொல்வது கொஞ்சம் அவசரம்தான். மூன்றாவது வார எண்ணையும் சேர்த்து மறுபடி போடுங்கள். திட்டத்தை ஞாயிறு அழைப்பின்போது மட்டும் மாற்றுங்கள். பழைய வரியை அழிக்காமல் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்த வரியில் எழுதுங்கள். புதன் இரவு மாற்றப்படும் திட்டம் திட்டம் இல்லை, சாக்கு.

நள்ளிரவு விளக்கு:
தேர்வு நாள் முன்கூட்டியே குறித்தாகிவிட்டது என்றால்? எட்டு வாரம் எங்கே கிடைக்கும்?

கரும்பலகை:
இந்த முறை சரியான கேள்வி. அப்போது பாடத்தைக் குறைக்கவேண்டும். எதைக் குறைப்பது என்பதைத் துணை சொல்லக்கூடாது, அவருக்குத் தெரியாது. பாடம் தெரிந்த ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள்.

ஒற்றைப்பனை:
ஆக ஒரு துணை, ஒரு பகடை, பாடம் தெரிந்த ஒருவர். படிப்பதற்கு எப்போது நேரம் ஒதுக்குவது என்று அடுத்த விவாதம் தொடங்கலாமா? நான் தனியாகவே உருட்டப்போகிறேன். ஆறு வாரம் கழித்து, எத்தனை முறை மறுபடி உருட்டினேன் என்பதையும் சேர்த்து எழுதுகிறேன்.

தாமரை:
எழுதுங்கள், காத்திருக்கிறேன். என் தோழி இன்று பத்து வாக்கியத்தில் ஆறு தவறு செய்தாள். அகராதி சொன்னதை நான்தான் படித்துக் காட்டவேண்டியிருந்தது. சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அவள் அழைப்பாளா என்று தெரியவில்லை. அழைக்காவிட்டால் நானே அழைக்கவேண்டுமா, விட்டுவிட வேண்டுமா என்று மணிக்கட்டு சொன்னால் நன்றாக இருக்கும்.