'இலக்கிய மீளாய்வு அணி' என்பதற்கு மாற்றுச் சொல்

ஆய்வு மாணவி, திருச்சி
அன்புள்ள குழுவினருக்கு வணக்கம். குடற்புழு நீக்க மாத்திரைக்கும் பள்ளி வருகைக்கும் உள்ள தொடர்பைப் பற்றிய கட்டுரைகளைப் படித்து எடுத்த குறிப்புகளை, கட்டுரைக்கு ஒரு நிரையும், முறை, மாதிரி, முடிவுகள், வரம்புகள் என நான்கு நிரல்களுமாக அட்டவணையில் தொகுத்து வருகிறேன். ஆங்கிலத்தில் 'literature review matrix' எனப்படும் இதற்கு 'இலக்கிய மீளாய்வு அணி' என்று தலைப்பிடலாமா?

தமிழாசிரியர், தஞ்சாவூர்
தாராளமாக இடலாம். நானும் குறுந்தொகைப் பாடல்களைத் திணை, கூற்று, கருப்பொருள், அணி என்று பிரித்து எழுதி வைத்திருக்கிறேன். உவமைக்குத் தனி நிரல் ஒதுக்க மறவாதீர்கள்.

விரிவுரையாளர், யாழ்ப்பாணம்
ஐயா இதை இலக்கிய ஆய்வாகக் கொண்டுவிட்டார். பிறரும் அவ்வாறே கொள்வர் என்பதால் 'இலக்கியம்', 'அணி' இரண்டையும் தவிர்ப்பது நல்லது. இங்கே கணிதத்தில் matrix என்பதைத் 'தாயம்' என்போம், ஆயினும் கணக்கீடு எதுவும் இல்லாத இந்த அட்டவணைக்கு அதுவும் பொருந்தாது. 'முன்னாய்வு ஒப்பீட்டு அட்டவணை' என்பது என் பரிந்துரை. கடைசி நிரலை 'மட்டுப்பாடுகள்' எனலாம்.

பொறியாளர், கோவை
பெயர் எதுவானாலும், மாதிரி நிரலில் எண்ணிக்கையை எழுதினால் போதுமே. கென்யாவைப் பற்றிய 2004 கட்டுரைக்கு '30,000 மாணவர்களுக்கு மேல்' என்று குறித்தால் அதன் வலிமை விளங்கிவிடும்.

பொதுச் சுகாதார ஆய்வாளர், சென்னை
எண்ணிக்கை வேண்டும் என்பது சரிதான், ஆனால் எதன் எண்ணிக்கை என்பதே கேள்வி. அந்த ஆய்வில் மாத்திரை முதலில் யாருக்கு, பிறகு யாருக்கு என்பது மாணவர்வாரியாக அன்றிப் பள்ளிவாரியாகவே பிரிக்கப்பட்டது. ஆகவே '75 பள்ளிகள், 3 குழுக்கள். மாணவர் 30,000க்கு மேல்' என்று எழுதினால்தான் அடுத்த நிரையில் உள்ள ஆய்வோடு அதை நேர்மையாக ஒப்பிட முடியும். முறை நிரலில் 'குலுக்கல்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்: பள்ளிகளை அகரவரிசையில் அடுக்கி, மூன்றுக்கு ஒன்றாகப் பிரித்தார்கள். முடிவுகள் நிரலில் பள்ளிக்கு வராமை ஏறத்தாழக் கால் பங்கு குறைந்ததை எழுதும்போது, தேர்வு மதிப்பெண் உயரவில்லை என்பதையும் சேருங்கள். குறிப்பெடுக்கும்போது பெரும்பாலும் விடுபடுவது இத்தகைய 'இல்லை'தான்.

கடைசி நிரலில் கட்டுரையாளரே ஒப்புக்கொண்டதைப் பக்க எண்ணுடனும், உங்கள் கருத்தைச் சதுர அடைப்புக்குள்ளும் எழுதுங்கள். இல்லாவிட்டால் சில மாதங்களில் எது யார் கூற்று என்று உங்களுக்கே தெரியாது. 2015இல் வெளிவந்த மறுபகுப்பாய்வு, மூலக் கணக்கீட்டில் பிழைகளைக் கண்டது. அண்டைப் பள்ளிகளுக்கும் பலன் பரவியது என்ற முடிவு அதனால் தளர்ந்தது. அதை 2004இன் நிரையில் திணிக்காமல் தனி நிரையாக்கி, இரண்டையும் ஒன்றுக்கொன்று சுட்டுங்கள்.

நிரலின் பெயராக 'ஆய்வெல்லை' மட்டும் வேண்டாம்; நம் ஆய்வேடுகளில் அது எடுத்துக்கொண்ட பரப்பைக் குறிக்கிறது. அதைத் தலைப்பாக இட்டால், கென்யாவில் அந்த ஆய்வு நடந்த இடமான 'புசியா மாவட்டம்' என்று எழுதி நிறுத்திவிடுவோம்.

ஆய்வு மாணவி, திருச்சி
மிக்க நன்றி. 'மட்டுப்பாடுகள்' என்பதையே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் எங்கள் துறையில் முதன்மை ஆய்வுக்கு முன் சிறு அளவில் செய்துபார்ப்பதையும் 'முன்னாய்வு' என்கிறார்கள். 'முந்தைய ஆய்வுகளின் ஒப்பீட்டு அட்டவணை' என்று விரித்தால் தெளிவாகிறது, கலைச்சொல்லுக்கு நீளந்தான். இதைச் சுருக்க வழி உண்டா?